இரண்டு விடையும் சரி

மலைமேல் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆக்ஸிலியா கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பட்டத்தோடு சரி. கோடை விடுமுறை வந்தால் வேலை நின்றுவிடும், கல்லூரி திறந்ததும் மறுபடி கூப்பிடுவார்கள். நிரந்தரப் பேராசிரியர் யாராவது நியமனமாகி வந்தால் அன்றைக்கே எழுந்துபோக வேண்டும். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. சேர்ந்தபோது கூந்தலில் நரையில்லை. இப்போது காதோரம் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடக்கிறது.

பிறந்தது அடுக்கம் என்ற மலைக்கிராமத்தில். அப்பா மிஷன் பள்ளி விடுதியில் சமையல்காரர். அந்தப் பள்ளியிலேயே இலவசமாகப் படித்து, பிறகு கணக்கில் முதுகலையும் முனைவர் பட்டமும் வாங்கினாள். கட்டிக்கொண்டது மனுவேலை. அவன் ஜீப் ஓட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் காட்டுகிறவன். கஜா புயலன்று வட்டக்கானல் பக்கம் வண்டிமேல் ஒரு மரம் சாய்ந்தது. உயிர் தப்பினான், இடுப்பு தப்பவில்லை. அதற்குப் பிறகு அவன் அதிகம் போனால் தெருமுனைக் கடைவரை போய்வருவான். வீடு ஆக்ஸிலியாவின் தோளில் ஏறிக்கொண்டது.

நாயுடுபுரத்தில் அவர்கள் வீட்டின் மாடி அறையில் ஸ்வேதா இருந்தாள். பழனிக்காரி. அடிவாரத்தில் அவள் அப்பா சுவாமிநாதனுக்குப் பஞ்சாமிர்தக் கடை. இதே கல்லூரியில் ஆக்ஸிலியாவிடம் முதுகலை படித்தவள். கல்யாணமாகிப் போய், அடிபட்டு, நாலு வயசுப் பிள்ளையை அந்த வீட்டில் விட்டுவிட்டு ஒற்றைப் பையோடு திரும்பி வந்தவள். பிள்ளை கேட்டுப் பழனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. "நிரந்தர வருமானம் இல்லாத தாய்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவளையும் கௌரவ விரிவுரையாளராகக் கல்லூரியில் சேர்த்துவிட்டது ஆக்ஸிலியாதான். கல்லூரியில் "மேம்", வீட்டில் "அக்கா". இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

உதவிப் பேராசிரியர் தேர்வு அறிவிப்பு பல வருஷம் கழித்து வந்தது. இருவரும் சேர்ந்தே படித்தார்கள். மதுரையில் தேர்வு எழுதிவிட்டு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் மலைவண்டிக்குக் காத்திருந்தபோது, டீ குடித்துக்கொண்டே கேள்விகளைப் பேசினார்கள். பாதிக்கு மேல் ஒரே விடைதான் போட்டிருந்தார்கள். ஸ்வேதாவுக்கு முகம் மலர்ந்திருந்தது.

"அந்தப் பட்டை கேள்வி லட்டு மாதிரி வந்துச்சுல்ல அக்கா? அடுக்குக்குறிச் சார்பு. B தானே போட்டீங்க?"

ஆக்ஸிலியா டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் C."

"ஏன்? ஆதிப்புள்ளி தவிர முழுத் தளம்னுதானே நீங்களே நடத்துனீங்க?"

அவள் நடத்தியது உண்மை. ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறாள். z என்ற கலப்பெண்ணை x + iy என்று எழுதினால், e-யின் z அடுக்கு என்பது e-யின் x அடுக்கை cos y + i sin y ஆல் பெருக்கியது. x ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறது, y திசையைச் சொல்கிறது. y ஏற ஏறத் திசை திரும்பிக்கொண்டே போகும். 2π ஏறியதும் ஒரு முழுச் சுற்று முடிந்து பழைய திசைக்கே வந்து நிற்கும். ஆகவே z-க்கும் z + 2πi-க்கும் விடை ஒன்றுதான். சார்பு தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தளம் முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. 2π உயரத்தில், இடமும் வலமும் முடிவில்லாமல் ஓடும் ஒரு கிடைமட்டப் பட்டையை வெட்டி எடுத்தால் போதும். அதில் இடப்பக்கம் போகப் போகத் தூரம் சுருங்கும், ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது. வலப்பக்கம் போகப் போக அளவில்லாமல் பெருகும். எல்லாத் தூரமும் எல்லாத் திசையும் கிடைத்துவிடுவதால், ஆதிப்புள்ளி ஒன்றைத் தவிர எல்லாப் புள்ளிக்கும் ஆள் வந்துவிடும்.

"படம் போடும்போது கீழ்க்கோட்டை எப்படிப் போடுவேன்?" என்று கேட்டாள் ஆக்ஸிலியா.

"அழுத்தமா."

"மேல்கோட்டை?"

ஸ்வேதா யோசித்தாள். "புள்ளி புள்ளியா."

"ஏன்?"

"ரெண்டு கோடும் ஒரே இடத்துக்குத்தானே போகும். வலப்பக்க மெய் அச்சு. ஒண்ணை வச்சிக்கிட்டு ஒண்ணை விட்டாத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு ஆள்."

"கேள்வியில கற்பனைப் பகுதி, அதான் y, பூஜ்யத்துக்கும் 2π-க்கும் நடுவுலன்னு கொடுத்திருந்தான். சமக்குறி ரெண்டு பக்கமும் இல்ல. கீழ்க்கோடும் வெளியே, மேல்கோடும் வெளியே. அப்ப 1 எங்கேருந்து வரும்?"

"பூஜ்யத்துலேருந்து வரும்…" என்று சொல்ல வாயெடுத்த ஸ்வேதா பாதியில் நிறுத்தினாள்.

"பூஜ்யம் பட்டைக்குள்ள இல்ல. 2πi-யும் இல்ல. e-யின் z அடுக்கு 1 ஆகணும்னா z 2πi-யோட முழு மடங்காத்தான் இருக்கணும். நடுவுல ஒண்ணுகூடக் கெடையாது. 1 மட்டுமில்ல, அந்த அச்சுல இருக்கிற மிகை எண் எல்லாமே போச்சு. C-யிலதான் அப்படிக் கொடுத்திருந்தான். ஆதிப்புள்ளியும் மிகை மெய் அச்சும் நீங்கலாகன்னு."

ஸ்வேதாவின் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. "ஒரு மார்க்தானே அக்கா," என்றாள். வண்டி வந்தது. மலையேறும்வரை இருவரும் வேறு எதையெல்லாமோ பேசிக்கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்துத் தேர்வு வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டது. அந்தக் கேள்விக்கு விடை B என்றிருந்தது.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் எங்கே வந்து நிற்கிறது என்று விளங்கியது. இருவரும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. தேர்வெழுதியவர்கள் குழுவாகச் சேர்ந்து கைபேசியில் மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதன்படி அந்தப் பிரிவின் கடைசி இடத்தில் ஸ்வேதா தொற்றிக்கொண்டிருந்தாள். ஆக்ஸிலியா அவளுக்குக் கொஞ்சம் கீழே. விடை C என்று மாறினால் ஸ்வேதா இறங்குவாள், ஆக்ஸிலியா ஏறுவாள். வேறு எந்தக் கேள்வியிலும் சந்தேகமே கிடையாது. எல்லாம் அந்த ஒன்றில்தான் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஆட்சேபம் அனுப்ப வாரியம் அவகாசம் கொடுத்திருந்தது. ஆக்ஸிலியா அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்வேதா வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்பப் போறீங்களா அக்கா?"

ஆக்ஸிலியா கத்தியை நிறுத்தவில்லை. "விடை தப்பு ஸ்வேதா."

"தப்புதான். நான் இல்லங்கல. எத்தனை பேர் எழுதியிருக்காங்க, அவங்க யாராவது அனுப்பட்டுமே. நீங்க அனுப்பித்தான் ஆகணுமா?"

"எல்லாரும் அப்படி நெனச்சா?"

"எனக்கு அடுத்த மாசம் வாய்தா இருக்கு. தேர்வாகிட்டேன்னு ஒரு தாள் காட்டினா எம்புள்ள என்கிட்ட வந்துரும்னு வக்கீல் சொல்றாரு." நிலையை விட்டு ஓர் எட்டு உள்ளே வந்தாள். "உங்களுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவதான். இதுக்கும் சேர்த்துப் பட்டுட்டுப் போறேன்."

ஆக்ஸிலியாவுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. மாடியில் இடம் கொடுத்தது, வேலை வாங்கிக் கொடுத்தது, மனுவேலின் இடுப்பு, கோடைதோறும் கைகட்டிக்கொண்டு நிற்பது. எதையும் அவள் எடுக்கவில்லை. "என்னால அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல," என்று மட்டும் சொன்னாள். ஸ்வேதா படியேறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து மாடியில் தனி அடுப்பு எரிந்தது.

மனுவேல் எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன். சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது கேட்டான்:

"ஒண்ணு கேக்கட்டா? நீ B போட்டு, அந்தப் புள்ள C போட்டிருந்தா, நீ இப்ப எழுதிப் போடுவியா?"

"போடுவேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிட்டபோதும் யோசித்தாள். போடுவேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தது. ஆனால் முதல் தடவை சொன்னபோது இருந்த உறுதி அதற்குப் பிறகு வரவே இல்லை. விடையோ பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அதை எடுத்துச் சொல்கிற தன் மனசுதான் கலங்கிக் கிடந்தது. இந்தக் கேள்வியில் தனக்கு ஒரு லாபமும் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினாள்.

கடைசி நாளன்று அனுப்பினாள். நிரூபணம் இரண்டே வரி. வாரியத்தின் இணையதளம் நிரூபணத்தை ஏற்கவில்லை. தரமான பாடநூலின் பக்கத்தை இணைக்கச் சொன்னது. அவள் ஒரு நூலின் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினாள். பட்டையின் ஒரு கோடு சேர்த்தி, மறு கோடு நீக்கம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் அதே பக்கத்தின் கீழே, "2π அகலமுள்ள ஒவ்வொரு கிடைமட்டப் பட்டையும் ஆதிப்புள்ளி நீங்கிய தளத்தின்மேல் சென்று படியும்" என்றும் போட்டிருந்தது. கோடுகளை மேலே சொல்லிவிட்டோமே என்று எழுதியவர் கீழே சுருக்கிவிட்டார். அந்தக் கீழ்வரியை மட்டும் படிக்கிறவர்களும் இருப்பார்கள் என்று ஆக்ஸிலியாவுக்கு அப்போது தோன்றவில்லை.

கல்லூரியில் விஷயம் பரவியது. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. "கூட இருந்த பொண்ணு மேல வந்துரக் கூடாதுன்னு…" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழவேண்டும் என்றே விழுந்தது. கணக்குத் துறையிலேயே ஒருவர், "ஒரு கோட்டுக்குத் தடிமனே கெடையாது, அதுக்குப் போயி இவ்வளவா?" என்றார். அவருக்கு விடை தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

இறுதி விடைக்குறிப்பு வந்தது. கேள்வியை நிபுணர் குழு பரிசீலித்ததாகவும், B, C இரண்டுமே ஏற்கப்படுவதாகவும் அறிவித்திருந்தார்கள். இரண்டில் எதைப் போட்டவருக்கும் மதிப்பெண் உண்டு. ஆக்ஸிலியாவுக்கு ஒரு மதிப்பெண் கூடியது. அது போதவில்லை. ஸ்வேதாவுக்குக் குறையவில்லை. பட்டியலில் ஸ்வேதாவின் பெயர் இருந்தது.

திண்டுக்கல்லில் C போட்ட சிலர் ஒன்றுசேர்ந்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடக் கிளம்பினார்கள். ஆக்ஸிலியாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வைத்த வக்கீல் பிரசாந்த் சின்ன வயசு, சுறுசுறுப்பு. முதல் சந்திப்பில் அவர் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு விடையும் சரின்னு பெருந்தன்மையா நடந்துக்கிட்டாங்கன்னு நீதிபதி சொன்னா நான் என்ன சொல்றது மேடம்? ரெண்டும் சரியா இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?"

"B சரின்னா 1 உள்ள இருக்கு சார். C சரின்னா 1 வெளியே இருக்கு. ரெண்டும் சரின்னா அது உள்ளேயும் இருக்கு, வெளியேயும் இருக்கு."

பிரசாந்த் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். "எனக்குப் புரியுது. அங்க புரியணுமே."

புரிகிற நிலைக்கே அது போகவில்லை. பாடத்தைப் பற்றிய கேள்வியில் நிபுணர் குழு சொன்னதுதான் முடிவு, நீதிமன்றம் அதற்கு மேல் உட்கார்ந்து கணக்குத் திருத்த முடியாது என்று மனு தள்ளுபடியானது. நிபுணர் குழு தாக்கல் செய்த விளக்கத்தில், "பாடநூலின்படி ஒவ்வொரு கிடைமட்டப் பட்டையும்" என்று தொடங்கும் அந்தக் கீழ்வரி மேற்கோளாக இருந்தது. ஆக்ஸிலியா படமெடுத்து அனுப்பிய அதே பக்கம்.

நியமன ஆணைகள் வந்தபோது ஸ்வேதாவுக்கு விழுந்தது அதே மலைக் கல்லூரி. கணக்குத் துறையில் இருந்த ஒரே நிரந்தரக் காலியிடம் அதுதான். ஸ்வேதா அதுவரை இருந்தது கூடுதல் வகுப்புகளுக்காகப் போட்ட இடம், அது அந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது. அந்த நிரந்தர இடத்தில்தான் இத்தனை வருஷமும் ஆக்ஸிலியா கௌரவமாக உட்கார்ந்திருந்தாள்.

முதல்வர் அம்மா கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி, கண்ணைப் பார்க்காமல் பேசினார். "விதி அப்படி ஆக்ஸிலியா. நிரந்தர ஆள் சேர்ந்த அன்னைக்கே உங்கள விடுவிக்கணும். நான் எழுதிக் கேட்டுப் பார்த்தேன்."

"தெரியும் மேம்."

அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஸ்வேதா அறை வாசலில் வந்து நின்றாள். இருவரும் நேருக்கு நேர் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"நான் வேற ஊர்தான் கேட்டேன் அக்கா. கொடுக்கல."

"உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லிருங்க. நாலு வார்த்தை திட்டிருங்க. இப்படி நிக்கிறதுக்கு அது மேல்."

ஆக்ஸிலியா புத்தகங்களைக் கயிற்றால் கட்டினாள். திட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. தப்பாக விடை போடுவது குற்றமா? அதற்கு மதிப்பெண் கொடுத்தால் வாங்கிக்கொள்வது குற்றமா? "பிள்ளை எப்ப வருது?" என்று கேட்டாள்.

"தீர்ப்பு ஆயிருச்சு. அடுத்த வாரம் கூட்டியாறேன்." சொல்லிவிட்டு ஸ்வேதா அழத் தொடங்கினாள். ஆக்ஸிலியாவுக்குக் கையை நீட்டி அவளைத் தொட வேண்டும் என்றிருந்தது. கை எழவில்லை. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே போனாள். அதற்காகப் பிறகு அவள் பல நாள் வருந்தினாள். ஆனால் மறுபடி அந்த வாசலில் நிற்க நேர்ந்தாலும் கை எழாது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்வேதா வீடு மாற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டாள். ஆக்ஸிலியாவுக்கு வத்தலக்குண்டில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கிடைத்தது. வெள்ளனே எழுந்து, மனுவேலுக்கு வெந்நீர் வைத்து, கஞ்சியை மூடிவைத்துவிட்டு முதல் வண்டியில் இறங்குவாள். காட்ரோடு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். மாலையில் மறுபடி ஏற்றம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நடுவழியில் வண்டி நின்றுவிடும். மனுவேல் பசியோடு காத்திருப்பான், குறை சொல்லமாட்டான். அவன் அன்றைக்குக் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. அவளும் பதில் சொல்ல முயலவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை ஃபெமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெருமாள்மலைப் பெண். ஆக்ஸிலியாவிடம் இளங்கலை படித்தவள், இப்போது அதே கல்லூரியில் முதுகலை, வார இறுதியில் வத்தலக்குண்டில் தேர்வுப் பயிற்சி. பயிற்சி மையத்தின் தடித்த வழிகாட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"மேம், இது பழைய கேள்வி. விடை B அல்லது Cன்னு போட்டிருக்கு. ரெண்டு எப்படி மேம் வரும்?"

ஆக்ஸிலியா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அச்சடித்த எழுத்தில் அது இன்னும் உறுதியாகத் தெரிந்தது. "ஸ்வேதா மேம்கிட்ட கேட்கலையா?"

"கேட்டோம் மேம். அவங்க அந்தப் பகுதியை நடத்தல. நீங்களே படிச்சுக்கோங்கன்னுட்டாங்க. அன்னைக்கு வகுப்பையே வெரசா முடிச்சுட்டுப் போயிட்டாங்க."

வண்டி வளைவில் திணறி ஏறியது. ஆக்ஸிலியா வழிகாட்டியை வாங்கி ஓரத்தில் பென்சிலால் ஒரு பட்டை வரைந்தாள். இரண்டு கோட்டையும் புள்ளியாகவே வரைந்தாள். பட்டைக்கு நடுவே கிடையாக ஒரு கோடு இழுத்து, அது எந்தத் திசைக்குப் போகும் என்று கேட்டாள். உயரம் π என்பதால் இடப்பக்கம், குறை எண்கள் என்றாள் ஃபெமினா. கொஞ்சம் கீழே, இன்னும் கீழே என்று கோடுகளை இறக்கிக்கொண்டே போனாள் ஆக்ஸிலியா. அவை போய்ச்சேரும் கதிர் வலப்பக்கத்து அச்சை நெருங்கிக்கொண்டே வந்தது. தொடவில்லை. மேலே ஏறிப் பார்த்தாலும் மறுபுறமிருந்து நெருங்கியது. தொடவில்லை.

ஃபெமினா கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப C மட்டும்தான் மேம்."

"ஆமா."

"பின்ன ஏன் மேம் இப்படிப் போட்டிருக்காங்க? பரீட்சையில இது மறுபடி வந்தா நான் எதைப் போடட்டும்?"

"சரியானதைப் போடு," என்றாள் ஆக்ஸிலியா. சொன்னபிறகு, அந்தப் பெண்ணின் தலையில் எதை ஏற்றி வைக்கிறோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஃபெமினா தலையாட்டிவிட்டுப் பெருமாள்மலையில் இறங்கிக்கொண்டாள்.

மிச்ச வழி முழுக்கப் பனிமூட்டம். நடத்துனர் விளக்கைப் போட்டார். அடுத்த உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக்ஸிலியா பையிலிருந்து மீதி விடைத்தாள்களை எடுத்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து திருத்தத் தொடங்கினாள்.